கேக்கிலும் காப்பி, கறியிலும் காப்பி!

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

காப்பி என்றால் நமக்குக் குடிக்கும் பொருள். பித்தளை ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷனும், நுரை ததும்பும் டம்ளரும் டவராவும்தான் நம் கண்முன் நிற்கும். அதைக் கொண்டுபோய் அடுப்பில் இருக்கும் கறியில் ஊற்றினால் வீட்டுப் பெரியவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் அமெரிக்க நாட்டுச் சமையலறைகளில் காப்பிக்கு வேறொரு வேலையும் உண்டு. சாக்லேட் கேக்குக்கு மாவு கரைக்கும்போது வெந்நீருக்குப் பதில் காப்பியை ஊற்றுகிறார்கள். இறைச்சியைச் சுடுவதற்கு முன் மசாலாவோடு காப்பித்தூளையும் கலந்து அதன்மேல் தேய்க்கிறார்கள். தென் மாநிலங்களில், இறைச்சி வறுத்த வாணலியிலேயே பால் சேர்க்காத காப்பியை ஊற்றிக் குழம்பு வைக்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. தின்பவருக்கு ‘இதில் காப்பி இருக்கிறது’ என்று தெரியக் கூடாது. சாக்லேட் இன்னும் அழுத்தமான சாக்லேட்டாகவும், கறி இன்னும் அழுத்தமான கறியாகவும் நாவில் பட வேண்டும். காப்பியின் பெயர் வெளியே வந்துவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். கசப்பு வந்துவிட்டாலோ செய்முறையில் எங்கோ பிசகு நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இங்கே நண்பர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். காப்பியே கசப்பான பொருள்தானே? அதைச் சேர்த்த பிறகு கசப்பு வராமல் இருப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் சில மாதங்களாக ஆய்வகத்துக்கும் அக்காவின் அடுப்படிக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தேன். கண்டதை இங்கே சொல்கிறேன்.

கசப்பு எங்கே பிறக்கிறது?

காப்பியின் கசப்புக்குக் காரணம் காஃபீன் என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். காஃபீன் கசப்பானது என்பது உண்மையே. ஆனால் காஃபீனை நீக்கிய காப்பியும் கசக்கத்தானே செய்கிறது? ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹோஃப்மான் என்னும் வேதியியலார் இதை ஆராய்ந்து, 2007-இல் தம் முடிவை வெளியிட்டார். காப்பியில் நாம் உணரும் கசப்பில் காஃபீனின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடுதான் என்றார். மிச்சக் கசப்பு கொட்டையில் முன்பே இருந்ததன்று, வறுக்கும்போது பிறப்பது.

பச்சைக் காப்பிக்கொட்டையில் குளோரோஜெனிக் அமிலங்கள் என்ற ஒரு குடும்பம் உண்டு. அவை தம்மளவில் அவ்வளவாகக் கசப்பதில்லை. கொட்டையை நடுத்தரமாக வறுக்கும்போது அவை நீரை இழந்து லாக்டோன்களாக மாறுகின்றன. இவற்றின் கசப்பு மென்மையானது. காப்பிக்கு அழகு சேர்ப்பது. வறுவலை மேலும் நீட்டிக் கொட்டையைக் கருக்கவிட்டால், அந்த லாக்டோன்களும் சிதைந்து ஃபீனைல் இண்டேன்கள் என்ற பொருள்கள் உண்டாகின்றன. இவற்றின் கசப்பு கரடுமுரடானது. நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாதது. ஆகவே சமையலுக்கு நமக்கு வேண்டியது நடுத்தர வறுவல். எண்ணெய் மினுமினுக்கும் கன்னங்கரிய கொட்டையில் ‘காப்பி மணம் தூக்கலாக இருக்கும்’ என்று நினைத்து வாங்கினால், அந்தக் கசப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிறோம்.

இரண்டாவது, தூளிலிருந்து சாறு இறங்கும் வரிசை. வெந்நீர் பட்டதும் காப்பித்தூளிலுள்ள எல்லாப் பொருள்களும் ஒரே நேரத்தில் கரைந்துவிடுவதில்லை. புளிப்பும் நறுமணமும் முதலில் வந்துவிடுகின்றன. இனிமையும் நிறமும் தொடர்ந்து வருகின்றன. கசப்பின் கனத்த பகுதி கடைசியில்தான் மெல்ல இறங்குகிறது. இதை நம் வீட்டுப் பெண்கள் புத்தகம் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். விருந்தினருக்கு முதல் டிகாக்‌ஷனும், வீட்டாருக்கு இரண்டாம் டிகாக்‌ஷனும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதன் உட்பொருள் இதுதான். இரண்டாம் டிகாக்‌ஷனில் மணம் இராது. கசப்பு மட்டும் இருக்கும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. சமையலில் காப்பியின் வேகம் குறைவாக வேண்டுமானால், முதல் டிகாக்‌ஷனை எடுத்து அதில் வெந்நீர் கலந்து மெலிதாக்க வேண்டும். இரண்டாம் டிகாக்‌ஷனை அப்படியே ஊற்றக் கூடாது. இரண்டும் பார்வைக்கு ஒரே நிறமாக இருக்கலாம்; சுவையில் வெகு தூரம்.

சாக்லேட்டும் காப்பியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்

அது சரி, காப்பியைச் சேர்ப்பதால் என்ன ஆதாயம்? கோகோ விதையும் வறுக்கப்படுகிறது, காப்பிக்கொட்டையும் வறுக்கப்படுகிறது. வறுபடும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. நாம் வகுப்பில் படிக்கும் மெய்யார் வினை இதுதான். பைரசீன்கள், ஃபியூரான்கள் போன்ற பல மணப்பொருள்கள் இரண்டிலும் பொதுவாக இருக்கின்றன. சுட்ட இறைச்சியின் பழுப்பு நிறத் தோலிலும் இதே வினைதான் நடைபெறுகிறது. ஆகவே காப்பி இங்கே அந்நியன் அல்லன், உறவினன்.

கேக்கில் கோகோவின் மணம் ஏன் அடங்கிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிறிதளவு கோகோவை, அதைப்போல ஆறு மடங்கு சர்க்கரையும் மூன்று மடங்குக்கு மேல் மைதாவும் சூழ்ந்து நிற்கின்றன. இனிப்பு முன்னே வந்து நிற்க, வறுவல் மணம் பின்னே ஒதுங்கிவிடுகிறது. அந்த மணத்தின் பக்கம் மெலிதான காப்பியை வைத்தால், அதே இனத்து மணங்கள் சேர்ந்துகொண்டு எடை கூட்டுகின்றன. நாக்கு அதைக் காப்பி என்று பிரித்து அறிவதில்லை. கோகோ அதிகம் என்றே எண்ணிக்கொள்கிறது.

அக்காவின் மூன்று தட்டுகள்

என் அக்கா வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவர். குடும்பத்தின் வரவில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. சென்ற ஆண்டு ஒரு பிறந்த நாள் கேக்கை வாங்கிப்போனவர்கள், “நிறம்தான் சாக்லேட், வாயில் வைத்தால் வெறும் இனிப்பு” என்று சொல்லி, அடுத்த ஆர்டரை வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். கோகோவை இரட்டிப்பாக்கலாமே என்றேன். “காசைக் கொட்டி கோகோவை வாங்கினா எனக்கு என்னடா மிஞ்சும்? அதோட கேக்கும் வறண்டு போகும்” என்றார் அக்கா. அவர் சொன்னதில் இரண்டுமே உண்மை. கோகோ ஈரத்தை உறிஞ்சுவது; அளவைக் கூட்டினால் கேக் உதிர்ந்துவிடும். அப்போதுதான் காப்பியைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

எட்டு அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு இது. மைதா 110 கிராம், சர்க்கரை 200 கிராம், இனிப்பில்லாத கோகோ தூள் 32 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, முட்டை ஒன்று, புளித்த கெட்டி மோர் 120 மில்லி, வாசனையில்லாத எண்ணெய் 60 மில்லி, வெனிலா எசன்ஸ் அரைத் தேக்கரண்டி. இவற்றோடு சூடான திரவம் 120 மில்லி. எல்லாத் தேக்கரண்டிகளும் தலை தட்டிய அளவு. பாலில் கலந்து குடிக்கும் இனிப்புச் சாக்லேட் தூள் இதற்கு உதவாது.

இந்த 120 மில்லி திரவத்தில்தான் எங்கள் சோதனை. முதல் தட்டுக்கு வெறும் வெந்நீர். இரண்டாம் தட்டுக்கு முதல் டிகாக்‌ஷன் 40 மில்லி, அதோடு வெந்நீர் 80 மில்லி. மூன்றாம் தட்டுக்கு இரண்டாம் டிகாக்‌ஷனைச் சுண்டக் காய்ச்சி, நீர் கலக்காமல் 120 மில்லி. மூன்று தேக்கரண்டி குவித்த தூளுக்கு 150 மில்லி கொதிநீர் ஊற்றி இறக்கிய டிகாக்‌ஷன் அது.

செய்முறையில் ஒரு படி முக்கியமானது. கோகோவைத் தனிப் பாத்திரத்தில் போட்டு, அதன்மேல் கொதிக்கும் திரவத்தை ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். கோகோ தூளின் ஒவ்வொரு துகளிலும் கொழுப்பு இருக்கிறது. குளிர்ந்த நீரில் அது தண்ணீரைத் தள்ளிக் கட்டி கட்டியாக மிதக்கும். சூடு பட்டால் கொழுப்பு இளகி, துகள்கள் பிரிந்து, உள்ளே அடைபட்ட மணம் வெளிவரும். காப்பி ஊற்றிய கேக்கின் பெருமையில் பாதி இந்தச் சூட்டுக்கே உரியது. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முதல் தட்டிலும் வெந்நீரையே ஊற்றினோம். குளிர்ந்த நீர் ஊற்றியிருந்தால் சூட்டின் புகழையும் காப்பிக்கே கொடுத்திருப்போம்.

பிறகு மைதா, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றைச் சலித்துக் கலந்து, முட்டை, மோர், எண்ணெய், எசன்ஸ் சேர்த்து அடித்து, கடைசியில் வெதுவெதுப்பாக ஆறிய கோகோ கரைசலை ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். மாவு மோர்க்குழம்பைப் போல நீர்க்க இருக்கும். இதைக் கண்டு பயந்து மைதாவை அள்ளிப் போடக் கூடாது. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, முன்பே சூடேறிய ஓவனில் 175 டிகிரி சென்டிகிரேடில் 30 முதல் 35 நிமிடம் வைத்தால் போதும். நடுவில் குத்திய குச்சி ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும்.

மூன்றையும் நன்றாக ஆறவிட்டு, மறுநாள் காலையில் அடையாளம் தெரியாதபடி துண்டு போட்டு, அண்டை வீட்டாருக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கும் கொடுத்தோம். முதல் தட்டைத் தின்றவர்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்றார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. வாயில் போட்டதும் வரும் கோகோ மணம் விழுங்குவதற்குள் மறைந்துவிட்டது. இரண்டாம் தட்டைத் தின்றவர்களில் பலர், “இதில் கோகோ கூடுதலா?” என்று கேட்டார்கள். காப்பி என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் தட்டு விசித்திரமானது. முதல் கடியில் குறையொன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு சொரசொரப்பு எழுந்து, தண்ணீர் கேட்க வைத்தது. நல்ல காப்பியையும் கெட்ட காப்பியையும் கேக் மறைத்துவிடாது என்பதை அந்தத் தட்டு காட்டிக்கொடுத்தது.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். முதல் டிகாக்‌ஷன் 40 மில்லி என்பது ஒரு டம்ளர் அல்லது சற்றே கூடுதலான காப்பிக்கு ஆகும் அளவு. கேக்கைப் பத்துத் துண்டாக்கினால் ஒரு துண்டில் ஒரு டம்ளரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் காஃபீன் இருக்கும். எனினும், காப்பி ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அக்கா இப்போது ஆர்டர் எடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறார். அந்தப் பிறந்த நாள் வீட்டார் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் புதிய ஆர்டர்கள் வருகின்றன. கோகோவின் செலவும் ஏறவில்லை.

சிக்கரியைப் பற்றியும் ஒரு சொல். நம் கடைகளில் விற்கும் காப்பித்தூள் பலவற்றில் சிக்கரி கலந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தாரும் நம்மைப் போலவே சிக்கரிக் காப்பியை விரும்புபவர்கள். சிக்கரி என்பது வறுத்த வேர். அதில் காஃபீன் இல்லை. நிறமும் கெட்டித்தன்மையும், காய்ச்சிய சர்க்கரைப் பாகின் சாயலும் அதற்கு உண்டு. அதோடு தனக்கென ஒரு கசப்பும் உண்டு. கேக்குக்குச் சிறிதளவு சிக்கரி கலந்த தூள் கேடு செய்யாது. பாதிக்குப் பாதி சிக்கரியாக இருந்தால் மணம் போய் நிறம் மட்டுமே மிஞ்சும்.

கறியின் மேல் காப்பி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மாட்டின் நெஞ்சுப் பகுதியை விறகுப் புகையில் பல மணி நேரம் மெல்ல வேகவைப்பார்கள். புகைக்கூட்டின் வெப்பம் ஏறத்தாழ 110 முதல் 120 டிகிரி வரைதான் இருக்கும். வேகவைப்பதற்கு முன் இறைச்சியின்மேல் உலர்ந்த பொடியைத் தேய்க்கிறார்கள். உப்பும் மிளகும் அதில் கட்டாயம். சிலர் காப்பித்தூளையும் சேர்க்கிறார்கள். கேக்கில் நாம் காப்பியின் சாற்றை மட்டும் எடுத்துத் தூளை எறிந்துவிட்டோம். இங்கோ தூளையே தின்கிறோம். ஆகவே விதிகளும் மாறுகின்றன.

ஒரு கிலோ இறைச்சிக்கு அளவு: நடுத்தரமாக வறுத்துப் பவுடர் போல நைசாக அரைத்த காப்பித்தூள் ஒரு மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, காரம் குறைந்த மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, தூள் உப்பு இரண்டரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி. ஃபில்டருக்குரிய சற்றே பருத்த தூளை அப்படியே போட்டால் பல்லில் மணலைப் போல அகப்படும். மிக்ஸியில் மீண்டும் ஒரு சுற்று அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது. இங்கே சிக்கரி கூடாது. அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்; அதிலுள்ள சர்க்கரை விரைவில் தீயும்.

நான் இதை ஆட்டுத் தொடைக்கறியில் செய்து பார்த்தேன். கறியைத் துடைத்து ஈரம் போக்கி, பொடியை மெல்லிய போர்வை போலத் தேய்த்து, இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தேன். பிறகு ஆழமான தட்டில் வைத்து அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தட்டை இறுக மூடி, ஓவனில் 150 டிகிரியில் மூன்று மணி நேரம் விட்டேன். நம் ஊர் வெள்ளாட்டுக் கறி விரைவில் வேகாது, பொறுமை வேண்டும். எலும்பை விட்டு இறைச்சி விலகும் பதம் வந்ததும் மூடியைத் திறந்து இருபது நிமிடம் மேற்புறத்தை உலரவிட்டேன். சீரகமும் மிளகும் நாம் அறிந்த மணம். அவற்றுக்குக் கீழே, அடுப்புக்கரியில் சுட்டதைப் போன்ற ஓர் ஆழம் இருந்தது. வீட்டில் எரிந்ததோ மின்சார ஓவன்தான்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. காப்பித்தூள் முன்பே வறுபட்ட பொருள். அதைக் கொழுந்து விட்டெரியும் தீயில் நேராகக் காட்டினால் இரண்டாம் முறை வறுபட்டு, நாம் மேலே கண்ட கரடுமுரடான கசப்பு புதிதாகப் பிறந்துவிடும். மேலும், பொடியே கறுப்பு நிறமாதலால் கண்ணை நம்ப முடியாது. தீயாதபோதும் தீய்ந்ததைப் போல இருக்கும். தீயும்போது கூடுதல் மாற்றம் ஏதும் தெரியாது. ஆகவே மூக்கைத்தான் நம்ப வேண்டும். வெல்லப்பாகு காய்வது போன்ற மணம் வரும்வரை அச்சமில்லை. கண்ணைக் கரிக்கும் சாம்பல் நெடி வந்தால் உடனே வெப்பத்தைக் குறைக்க வேண்டும். உள்ளே வெந்ததா என்பதை நிறத்தைப் பாராமல், கத்தியால் குத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

கோழிக்கும் மீனுக்கும் இது பொருந்தாது. அவற்றின் மணம் மெல்லியது. காப்பி ஏறி அமர்ந்துவிடும். கொழுப்பும் அழுத்தமான மணமும் உள்ள ஆடு, மாடு, பன்றி இறைச்சிகளுக்கே இது ஏற்றது.

சிவந்த கண் குழம்பு

இனி மூன்றாவதைக் காண்போம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் ‘ரெட் ஐ கிரேவி’, அதாவது ‘சிவந்த கண் குழம்பு’ என்று ஒன்று உண்டு. 1829 முதல் 1837 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனோடு இந்தப் பெயரை இணைத்து ஒரு கதை சொல்வார்கள். முதல் நாள் குடித்துக் கண் சிவந்திருந்த சமையற்காரனிடம், ‘உன் கண்ணைப் போலச் சிவந்த குழம்பு கொண்டு வா’ என்று அவர் கேட்டாராம். கதை சுவையானது. ஆனால் கிண்ணத்தில் காப்பியின் நடுவே செந்நிறக் கொழுப்பு வட்டமாக மிதந்து கண்ணைப் போலத் தோன்றுவதே பெயருக்குக் காரணம் என்பாரும் உண்டு.

செய்முறை மிக எளிது. உப்பில் ஊறவைத்து உலர்த்திய பன்றித் தொடை இறைச்சியைத் துண்டு போட்டு இரும்பு வாணலியில் வறுத்து எடுத்துவிடுவார்கள். வாணலியில் உருகிய கொழுப்பும், அடியில் ஒட்டிய பழுப்பு நிறப் பொருக்கும் மிஞ்சும். அதில் அரை டம்ளர் பால் சேர்க்காத காப்பியை ஊற்றினால் ‘சுர்’ரென்று பொங்கும். கரண்டியால் அடியைச் சுரண்டிப் பொருக்கைக் கரைத்து, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குவார்கள். மாவு சேர்ப்பதில்லை, ரசம் போல நீர்க்கத்தான் இருக்கும். இறைச்சியின் மேலும், ‘கிரிட்ஸ்’ எனப்படும் மக்காச்சோள ரவைக் கஞ்சியின் மேலும் அதை ஊற்றிக்கொள்வார்கள்.

பாலும் சர்க்கரையும் சேராத காப்பி இதில் ஏன் கசப்பதில்லை? விடை அந்த இறைச்சியின் உப்பில் இருக்கிறது. 1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரெஸ்லினும் போஷாம்பும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தபோது கசப்பு அடங்கியது. அதுவரை கசப்புக்குக் கீழே மறைந்திருந்த இனிப்பு மேலெழுந்தது. சோடியம் கசப்புச் சுவையை மட்டுப்படுத்துகிறது என்பது இதன் பொருள். கேக்கில் போட்ட அரைத் தேக்கரண்டி உப்புக்கும், பொடியில் போட்ட உப்புக்கும் இதே வேலைதான். காப்பி சேர்ந்த பண்டத்தில் உப்பைக் குறைத்துவிட்டு, ‘கசக்கிறதே’ என்று சர்க்கரையை அள்ளிப் போடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பன்றி இறைச்சி வேண்டாதவர்களுக்கு மேலே சொன்ன ஆட்டுத் தொடையே வழிகாட்டும். தட்டின் அடியில் தேங்கிய சாற்றை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். ஒரு டம்ளர் சாற்றுக்கு, நீர் கலந்த முதல் டிகாக்‌ஷன் மூன்று மேசைக்கரண்டி, வெல்லத்தூள் அரைத் தேக்கரண்டி. சாற்றை முதலில் தேவையான பதத்துக்குச் சுண்டவைத்துவிட்டு, காப்பியைக் கடைசியில் ஊற்றி, மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. காப்பியை முதலிலேயே ஊற்றிச் சுண்டவைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். கசப்பும் புளிப்பும் போவதில்லை, நீர் குறையக் குறைய அவை செறிந்துகொண்டே வரும். மணிக்கணக்காக அடுப்பில் கிடந்த டிகாக்‌ஷனைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கசப்பைக் கேட்டு அறிவது

இத்தனைக்குப் பிறகும் கசந்தால் என்ன செய்வது? முதலில் அது எந்தக் கசப்பு என்று கேட்க வேண்டும். நான் கண்டவரையில் அவை மூன்று வகை.

சோப்பைத் தொட்டு நாக்கில் வைத்ததைப் போல வழவழப்போடு கசந்தால், பழி காப்பியின் மேல் இல்லை, சோடாவின் மேல். அளவு கூடியிருக்கும், அல்லது மோர் புளிக்காமல் இருந்திருக்கும். காரம் ஏற்றிப் பதப்படுத்திய கருநிறக் கோகோவைப் போட்டாலும் இப்படி ஆகலாம். சோடாவை எதிர்கொள்ளும் அமிலம் அதில் குறைவு. மோரை நன்றாகப் புளிக்கவைத்து, சோடாவைத் தலை தட்டி அளந்தால் இது தீரும்.

சாம்பலைத் தின்றதைப் போலக் கசந்தால், அது தீய்ந்த கசப்பு. கேக்கானால் அடிப்பாகத்தில் மட்டும் இருக்கும்; கறியானால் மேல்தோலில் மட்டும் இருக்கும். சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே தின்னலாம். அடுத்த முறை வெப்பத்தைக் குறைக்க வேண்டும்.

முதலில் ஒன்றும் தெரியாமல், விழுங்கியபின் நாக்கின் அடியில் எழுந்து நிற்கும் கசப்பானால், அதுதான் காப்பியின் கசப்பு. தூள் கருக வறுத்ததாக இருக்கும், அல்லது சாறு அளவுக்கு மீறி இறங்கியிருக்கும். கேக்கில் இதற்குப் பிறகு மருந்தில்லை. குழம்பில் மட்டும் இரண்டு சிட்டிகை உப்பும், ஒரு கரண்டி வெண்ணெயும் சேர்த்துப் பார்க்கலாம், ஓரளவு அடங்கும்.

ஆசிரியர் ஒருவர் என்னிடம், “அப்படியானால் நம் ஆட்டுக்கறிக் குழம்பிலும் ஊற்றலாமா?” என்று கேட்டார். ஊற்ற வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். மல்லியையும் மிளகையும் சிவக்க வறுத்து, கல்பாசி போட்டுத் தாளிக்கும்போதே வறுவல் மணத்தின் ஆழத்தை நம் சமையல் தேடிக்கொண்டுவிட்டது. தேங்காய்ப்பாலும் புளியும் இருக்கும் இடத்தில் காப்பி ஒட்டாமல் நிற்கும். வறுத்து அரைக்கும் மசாலா இல்லாத சமையலில்தான் அதற்கு வேலை. வெறும் உப்பும் மிளகும் போட்டுச் சுட்ட கறிக்கும், சர்க்கரையின் கீழ் மணம் அமுங்கிக் கிடக்கும் கேக்குக்கும் நாற்பது மில்லி முதல் டிகாக்‌ஷன் போதும். அதைப் பாலில் கலப்பதற்கு முன் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் காலை வேளையின் சிறு சண்டை.